நான்கு கட்டை இறக்கினால் குரல் மறைந்துவிடுமா?

மதுரையில் சிம்மக்கல் பக்கம் மாடியில் இருக்கிற ஒரு சின்ன அறையில்தான் நான் ஒலித்தொகுப்பு வேலை செய்கிறேன். கல்யாண வீடியோ, கோவில் கும்பாபிஷேகம், அவ்வப்போது ஆவணப்படம். ஆவணப்படக்காரர்கள் பேட்டிகளைக் கொண்டுவரும்போது அநேகமாக எல்லோரும் ஒன்றையே சொல்வார்கள்: “முகத்தை மங்கலாக்கியாச்சு சார், குரலை மட்டும் கொஞ்சம் மாத்திருங்க.” பல வருஷம் நானும் சரியென்று மாற்றிக் கொடுத்தேன். ஒரு பேட்டி அந்தப் பழக்கத்தை நிறுத்தியது. தப்பு என்னுடையதுதான்.

திருமங்கலம் பக்கத்து ஊர்க்காரப் பெண் அவர். சின்ன வயதில் ஒரு நூற்பாலையில் விடுதியில் தங்கி வேலை பார்த்தவர். அங்கே நடந்ததை இருபது நிமிடம் பேசியிருந்தார். வீட்டுக்காரர்களுக்குத் தெரியாமல் பேசினார், அதனால் பெயர், ஊர், முகம் எதுவும் வரக்கூடாது என்பது நிபந்தனை. பெயரையும் ஊரையும் வெட்டினேன். குரலை நான்கு செமிடோன் இறக்கினேன். ஆர்மோனியத்தில் கறுப்பு வெள்ளை எல்லாம் சேர்த்து அடுத்தடுத்த நான்கு கட்டை கீழே போவது மாதிரி. படம் இணையத்தில் ஏறிய மூன்றாம் நாள் ராத்திரி போன் வந்தது.

“அண்ணே, எங்க மதினி கேட்டுட்டு, இது நீதானடின்னு நேராவே கேட்டுருச்சுண்ணே.”

மதினி எப்படிக் கண்டுபிடித்தார் என்பதைப் பிறகு சொல்கிறேன். முதலில் நான் செய்த மாற்றம் என்ன, எதைத் தொட்டது, எதைத் தொடவில்லை என்று பார்ப்போம்.

உங்களுக்கு வசதியான ஒரே சுருதியில் நின்றுகொண்டு ஆ, ஈ, ஊ என்று மாற்றி மாற்றிப் பாடிப் பாருங்கள். சுருதி மாறாது, ஆனால் மூன்றும் வேறு வேறாகக் கேட்கும். குரல்நாண் ஒரு விநாடிக்கு எத்தனை தடவை அதிர்கிறது என்பதுதான் சுருதி, எங்கள் மொழியில் பிட்ச். தொண்டையும் வாயும் சேர்ந்த குழாய் அந்த அதிர்வில் சில பகுதிகளை மட்டும் தூக்கிக் காட்டுகிறது. அந்தத் தூக்கல்களுக்குப் பெயர் ஃபார்மன்ட். நாக்கும் உதடும் அசைய அசைய ஃபார்மன்ட் இடம் மாறி உயிரெழுத்துகள் பிறக்கின்றன. ஆனால் குழாயின் மொத்த நீளம் ஆளுக்கு ஆள் வேறு. வளர்ந்த ஆணுக்கு ஏறக்குறைய 17 சென்டிமீட்டர், பெண்ணுக்கு அதைவிடக் கொஞ்சம் குறைவு. சுருதி ஒன்றாகவே இருந்தாலும் இரண்டு பேரை நம் காது பிரித்துவிடுவதற்கு இந்தக் குழாய் ஒரு பெரிய காரணம்.

அந்தப் பெண்ணின் சுருதி பேசும்போது 210 ஹெர்ட்ஸை ஒட்டியிருந்தது. நான்கு செமிடோன் இறக்கினால் 0.794ஆல் பெருக்கியது போல, 167க்கு வரும். Audacity என்ற ஒலித்தொகுப்பு மென்பொருளில் இருக்கிற `Change Pitch` போன்ற சாதாரணக் கருவி சுருதியை மட்டும் இறக்குவதில்லை. ஃபார்மன்ட், பின்னணிச் சத்தம், மூச்சு, காற்றாடிச் சத்தம் என்று அந்த ஒலியில் உள்ள எல்லாவற்றையும் அதே விகிதத்தில் இழுத்துக்கொண்டு போகிறது. காதுக்கு அது பூதம் பேசுவது போல இருக்கும். பூதம் பேசினால் ஆள் தெரியாது என்று நமக்கு ஒரு நினைப்பு.

எல்லாம் ஒரே விகிதத்தில் இறங்கியது என்றால் எல்லாவற்றையும் ஒரே விகிதத்தில் ஏற்றவும் முடியும். அந்த விகிதம் ரகசியம் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். ஆனால் நான் ஏற்றிய கோப்பிலேயே அது எழுதி இருந்தது. பேட்டி எடுத்த வீட்டில் மைக் ஒயர் சார்ஜருக்குப் பக்கத்தில் கிடந்திருக்கிறது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதன் இரைச்சல் 50, 100, 150 என்று மெல்லிய கோடுகளாக ஒலிக்குள் ஏறியிருந்தது. ஒலியில் எந்தெந்த அதிர்வு இருக்கிறது என்பதைப் படமாக வரைந்து காட்டுவது ஸ்பெக்ட்ரோகிராம்; அதில் படத்தின் ஒலியைத் திறந்து பார்த்தால் 100இல் இருக்க வேண்டிய கோடு 79.4இல் நிற்கிறது, 150இல் இருக்க வேண்டியது 119இல். 79.4ஐ 100ஆல் வகுத்துப் பாருங்கள். நான் எவ்வளவு இறக்கினேன் என்பதைக் கரன்ட்டே சொல்லிக் கொடுத்துவிட்டது. நானே அந்த ராத்திரி உட்கார்ந்து நான்கு செமிடோன் ஏற்றிப் பார்த்தேன். ஓரங்களில் கொஞ்சம் கரகரப்பு. மற்றபடி அவரே பேசினார். ஐந்து நிமிட வேலை.

இரைச்சலே இல்லாத சுத்தமான பதிவாக இருந்தாலும் பெரிய பாதுகாப்பு இல்லை. ஒவ்வொரு கட்டையாக ஏற்றிப் போட்டுக் கேட்டால், இயல்பான மனிதக் குரல் வருகிற இடத்தில் காது தானாக நின்றுவிடும். ஒன்று முதல் பன்னிரண்டுக்குள்தான் விடை.

சரி, ஃபார்மன்ட்டைத் தனியாக மாற்றினால்? அதற்கும் வழி இருக்கிறது. ஆம்ஸ்டர்டாம் பல்கலைக்கழகத்தில் போல் போர்ஸ்மாவும் டேவிட் வேனிங்கும் எழுதிய Praat என்ற இலவச மென்பொருள் ஒலியியல்காரர்களுக்கு நன்றாகத் தெரிந்தது. அதில் ஒரே வரி:

```
Change gender: 100, 500, 0.85, 150, 0.7, 1
```

முதல் இரண்டு எண்கள் சுருதியை எந்த எல்லைக்குள் தேட வேண்டும் என்பதற்கு. 0.85 என்பது ஃபார்மன்ட்டை எவ்வளவு இறக்குவது, அதாவது குழாயை எவ்வளவு நீளமாக்கிக் காட்டுவது. 150 புதிய நடுச்சுருதி. 0.7 என்றால் பேச்சின் ஏற்ற இறக்கத்தை எழுபது சதவீதமாகச் சுருக்குவது. கடைசி 1, வேகத்தை அப்படியே விடுவது. சுருதியும் ஃபார்மன்ட்டும் வேறு வேறு விகிதத்தில் போவதால் திருப்புகிறவர் இரண்டு எண்ணைத் தேட வேண்டியிருக்கும். பூதக் குரலும் வராது, யாரோ ஓர் ஆண் பேசுவது போல இயல்பாக இருக்கும். என் முதல் முறையைவிட நிச்சயம் மேல்.

ஆனால் 0.85ஐத் தாண்டி ரொம்பக் கீழே போக முடியாது. உயிரெழுத்துகள் ஒன்றோடொன்று குழம்பி, பேச்சே புரியாமல் போய்விடும். அதோடு இந்த மாற்றம் எல்லா ஃபார்மன்ட்டையும் ஒரே அளவில் நகர்த்துகிறது. ஒருவர் தன் ‘ஏ’வை எங்கே வைக்கிறார், ழகரத்தை எப்படி விழுங்குகிறார் என்கிற பழக்கங்கள் ஒன்றுக்கொன்று இருந்த உறவோடு அப்படியே நகர்கின்றன. வீட்டை இடிக்காமல் மொத்தமாகத் தூக்கி அடுத்த தெருவில் வைப்பது மாதிரி.

இப்போது மதினி. அவர் ஸ்பெக்ட்ரோகிராம் பார்க்கவில்லை, எதையும் ஏற்றி இறக்கவில்லை. வாட்ஸ்அப்பில் வந்த துண்டைக் கேட்டார், அவ்வளவுதான். எப்படித் தெரிந்தது என்று அந்தப் பெண்ணிடம் கேட்டபோது சொன்னார்: “நான் ஒவ்வொன்னையும் சொல்லி முடிச்சிட்டு ‘அம்புட்டுதேன், வேறென்ன’ன்னு சொல்லுவேனாம்ண்ணே. எனக்கே தெரியாது.”

திரும்பப் போட்டுக் கேட்டேன். இருபது நிமிடத்தில் ஒன்பது இடத்தில் வருகிறது. கேள்வி கேட்டதும் பல்லுக்கிடையே ‘ஸ்’ என்று மூச்சை இழுத்துவிட்டுத்தான் பதிலைத் தொடங்குகிறார். கோபம் வரும் இடத்தில் குரல் உயராமல் வேகம் குறைகிறது. ‘அங்கிட்டு’ என்று ஆரம்பித்துவிட்டு, வெளியாளிடம் பேசுகிறோம் என்ற நினைப்பு வந்து ‘அங்க’ என்று திருத்திக்கொள்கிறார். இதில் ஒன்றைக்கூடச் சுருதி மாற்றமோ ஃபார்மன்ட் மாற்றமோ தொடாது. அவை குரல்நாணிலும் இல்லை, குழாயிலும் இல்லை. பழகியவர்கள் ஆளை அடையாளம் காண்பது பெரும்பாலும் இதில்தான். ஆபத்தும் பழகியவர்களிடமிருந்துதான் வருகிறது. சென்னையில் இருக்கிற முன்பின் தெரியாதவர் அவரைக் கண்டுபிடித்து என்ன செய்யப் போகிறார்? மதினியும் பழைய சூப்பர்வைசரும் பக்கத்து வீட்டுக்காரரும்தான் கணக்கு.

இதை வேறு எங்கும் சோதிக்க வழியில்லை. பேட்டி கொடுத்தவரின் சொந்தக்காரர்களிடமே போட்டுக் காட்டி “தெரிகிறதா” என்று கேட்கவா முடியும்? அதனால் எங்கள் ஆட்கள் நான்கு பேர் மாட்டுத்தாவணியிலிருந்து வீடு போன கதையை ஆளுக்கு இரண்டு நிமிடம் பேசிப் பதிவு செய்தோம். மேலே சொன்ன Praat மாற்றத்தைப் போட்டு, எங்கள் வீட்டம்மாவிடம் கொடுத்தேன். என்னை முதல் பத்து விநாடியில் கண்டுபிடித்தார். “இடையில ‘இல்ல, என்னன்னா’ன்னு சொல்றது வேற யாரு?” என்றார். கூட வேலை பார்க்கும் தம்பியையும் இருமலை வைத்துப் பிடித்துவிட்டார். மற்ற இருவரும் அவருக்குப் பழக்கமில்லாதவர்கள், அவர்களைத் தெரியவில்லை.

அதற்குப் பிறகு, ஆளுக்கு உண்மையில் ஆபத்து இருக்கிற பேட்டி என்றால் நான் குரலை மாற்றுவதில்லை, ஆளையே மாற்றுகிறேன். பேட்டியை முழுதாக எழுத்தில் எடுக்கிறோம். பேச்சில் வழக்கமாக ஒட்டிக்கொண்டு வரும் சொற்களை, திரும்பத் திரும்ப வருகிற முடிப்புகளை, ஊரைக் காட்டும் சொற்களைக் குறித்துக்கொண்டு, பேட்டி கொடுத்தவரிடமே படித்துக் காட்டி எதை நீக்கலாம், எதற்குப் பதில் எதைப் போடலாம் என்று கேட்கிறோம். அந்தப் பெண் ‘அம்புட்டுதேன்’ எல்லாவற்றையும் எடுக்கச் சொன்னார், விடுதி வார்டன் தலைமுடியை இழுத்த இடத்தில் மட்டும் ஒரு வார்த்தைகூட மாறக்கூடாது என்றார். பிறகு மேடை நாடகத்தில் நடிக்கிற வேறொரு பெண் அதைத் தன் வேகத்தில், தன் மூச்சில் பேசிப் பதிவு செய்தார். மூலப் பதிவை அவருக்குக் கேட்கக் கொடுக்கவில்லை. கொடுத்தால் தெரியாமலே அதே இடத்தில் நிறுத்துவார்கள், அதே இழுப்பை இழுப்பார்கள். படத்தில் ‘சொற்கள் அவருடையவை, குரல் வேறொருவருடையது’ என்று போட்டோம்.

இயக்குநர்களுக்கு இது பிடிப்பதில்லை. நடுங்குகிற குரலில் இருக்கிற உண்மை நடிகையிடம் வருமா என்பார்கள். வராதுதான். அந்த நடுக்கமும் பேட்டி கொடுத்தவரைக் காட்டிக்கொடுக்கிற ஒன்று என்பதால் அதை விட்டுக்கொடுக்க வேண்டியிருக்கிறது. செலவும் ஒரு நாள் கூடும்.

மூலப் பதிவு என் தொகுப்புக் கணினியில் இப்போது இருப்பதில்லை. அது தானாகவே இணையச் சேமிப்புக்குப் போய்க்கொண்டிருந்தது என்பதையே அந்தச் சம்பவத்துக்கு அப்புறம்தான் கவனித்தேன். கடவுச்சொல் போட்டுப் பூட்டிய தனி வன்தட்டில் வைத்து, படம் முடிந்ததும் இயக்குநரிடம் ஒப்படைத்துவிடுகிறேன்.

திருமங்கலத்துப் பெண்ணின் படத்தில் பழைய ஒலியை எடுத்துவிட்டுப் புதியதை ஏற்ற நான்கு நாள் ஆனது. அதற்குள் பழைய துண்டு எத்தனை குழுக்களில் போனது என்று எண்ண முடியவில்லை. போன மாதம்கூட ஒரு வாடிக்கையாளர் தன் போனை நீட்டி, “இந்த மாதிரி குரலை மாத்தித் தர முடியுமா சார்?” என்று கேட்டார். போட்டுக் கேட்டேன். நான்கு கட்டை இறங்கிய அதே குரல். “அம்புட்டுதேன், வேறென்ன” என்று முடிந்தது.