நூலகம் ஒருவருடையது, கட்டடம் இன்னொருவருடையது: மனு கொடுக்கும் முன்

சென்னையில் சொத்து வரி கட்டும் ஒவ்வொருவரும் அதோடு நூலக வரியும் கட்டுகிறார்கள். சொத்து வரியில் ரூபாய்க்குப் பத்துக் காசு. அரையாண்டு வரி 1,000 ரூபாய் என்றால் நூலகத்துக்கு 100 ரூபாய். வாடகை வீட்டில் இருப்பவரின் பங்கு வாடகைக்குள் அடங்கிப் போகிறது. 1948-ஆம் ஆண்டுப் பொது நூலகச் சட்டத்தின்படி நடக்கும் வசூல் இது. சட்டத்தைப் பற்றி இவ்வளவு தெரிந்தால் போதும். பணம் கட்டிய பிறகும் தெருமுனை நூலகம் பூட்டிக் கிடந்தால் யாரைக் கேட்பது என்பதில்தான் சிக்கல் தொடங்குகிறது.

வரியை வசூலிப்பது மாநகராட்சி. நூலகத்தை நடத்துவது மாநகராட்சி அல்ல. பள்ளிக் கல்வித் துறையின் கீழ் பொது நூலக இயக்ககம் இருக்கிறது. அதன் கீழ் சென்னைக்கான நூலக ஆணைக்குழு, அண்ணா சாலை தேவநேயப் பாவாணர் நூலகத்தில். அங்கே மாவட்ட நூலக அலுவலர்தான் நமக்கு வேண்டிய ஆள். ஆனால் அதே நூலகத்தை ஒட்டியிருக்கும் பூங்காவும் விளையாட்டுத் திடலும் மாநகராட்சியுடையவை. இன்னொன்றும் உண்டு: சில நூலகங்கள் சொந்தக் கட்டடத்தில் இருக்கின்றன, சில வாடகைக் கட்டடத்தில், சில மாநகராட்சியோ வேறு யாரோ வாடகை வாங்காமல் கொடுத்த கட்டடத்தில். வடசென்னை மக்கள் அலைக்கழிக்கப்படுவது பெரும்பாலும் இந்த மூன்றாம் வகையில்தான்.

தண்டையார்பேட்டை மண்டலத்தில் ஒரு கிளை நூலகம். குரூப் 4 தேர்வுக்குப் படிக்கும் ஒரு பெண் அங்கே போய்வருகிறாள். வீட்டில் ஒரே அறை, தம்பி தங்கைகள், ஓடிக்கொண்டே இருக்கும் டிவி. நூலகமோ பல நாள் திறப்பதில்லை. திறந்த நாளில் கழிவறைக்குப் பூட்டு. மழை பெய்தால் நாளிதழ் மேசைமேல் சொட்டுகிறது. பக்கத்துப் பூங்காவில் விளக்கு எரிவதில்லை, இருட்டிய பின் அந்த வழியாக வீடு திரும்ப முடியவில்லை. நான்கையும் ஒரே தாளில் எழுதிக் கவுன்சிலர் அலுவலகத்தில் கொடுத்தாள். "லைப்ரரி நம்மகிட்ட இல்லம்மா, அது வேற டிபார்ட்மென்ட்" என்றார்கள். நூலகரிடம் கேட்டால், "பில்டிங் கார்ப்பரேஷனோடதும்மா, நாங்க கைய வெக்க முடியாது." முதல்வரின் தனிப்பிரிவுக்கு அனுப்பினாள். மனு ஒரு துறைக்குப் போய், 'இத்துறை சார்ந்ததல்ல' என்று முடித்து வைக்கப்பட்டது. அந்தப் பதிலில் பொய் எதுவும் இல்லை. நான்கு குறைகளில் ஒன்றிரண்டு அவர்களுடையதாக இல்லாவிட்டால் போதும், முழு மனுவையும் தள்ளிவிடலாம். அலுவலகங்களுக்கு இது மிக வசதியான வழி. படித்துவிட்டு வேலைக்குக் காத்திருக்கும் பிள்ளையை இப்படி விரட்டுவதைப் பார்க்கப் பொறுக்கவில்லை.

அவளுக்குச் சொன்னதையே இங்கேயும் சொல்கிறேன். மனுவைப் பிரித்து எழுதுங்கள், ஒரு தாளில் ஒரு அலுவலகத்துக்கு உரியது மட்டும். நூலகம் திறக்கும் நேரம், ஆள் இல்லாதது, புத்தகம், நாளிதழ், நாற்காலி எல்லாம் மாவட்ட நூலக அலுவலருக்கு. கூரை ஒழுகுவது, கழிவறை, தண்ணீர் ஆகியவை கட்டடத்தின் சொந்தக்காரருக்கு. கட்டடம் மாநகராட்சியுடையது என்றால் வார்டு உதவிப் பொறியாளருக்கு, நகல் மண்டல அலுவலருக்கு. பூங்கா விளக்கு தனி மனு.

கட்டடம் யாருடையது என்று யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். அதைத்தான் முதலில் கேட்க வேண்டும். நூலக அலுவலருக்கு எழுதும் மனுவின் கடைசி வரியாக இதைச் சேருங்கள்: "இந்நூலகம் சொந்தக் கட்டடத்திலா, வாடகைக் கட்டடத்திலா, வாடகையில்லாக் கட்டடத்திலா இயங்குகிறது என்பதையும், கட்டடப் பராமரிப்புக்குப் பொறுப்பான அலுவலகம் எது என்பதையும் எழுத்துமூலம் தெரிவிக்க வேண்டுகிறேன்." அந்தப் பதில் வந்துவிட்டால், மாநகராட்சிக்கு எழுதும் அடுத்த மனுவோடு அதன் நகலை இணைக்கலாம். 'எங்களுடையது இல்லை' என்று அதற்குப் பிறகு சொல்வது கடினம்.

நூலக அலுவலருக்கு எழுதும்போது 'எப்போதும் பூட்டியே கிடக்கிறது' என்று எழுதாதீர்கள். 'வாரம் ஒரு நாள் விடுமுறை, அன்று வந்திருப்பார்' என்று பதில் வரும். கிளை நூலகங்களுக்கு வார விடுமுறை பொதுவாக வெள்ளிக்கிழமை, ஞாயிறு அல்ல. இது தெரியாமல் வெள்ளியன்று போய்ப் பூட்டைப் பார்த்துவிட்டுக் கோபப்படுகிறவர்கள் நிறையப் பேர். அடுத்தது, உங்கள் நூலகம் முழுநேரக் கிளையா, பகுதிநேர நூலகமா என்று வாசலில் உள்ள பலகையைப் பாருங்கள். பகுதிநேர நூலகம் நாளுக்குச் சில மணி நேரம்தான் திறக்கும். அதை நாள் முழுதும் திறக்க வேண்டுமென்றால் அது புகார் ஆகாது, தரம் உயர்த்தக் கோரிக்கை, பாதையே வேறு. பலகையில் எழுதியுள்ள நேரத்துக்குள் பூட்டியிருந்தால் மட்டும் தேதியும் மணியும் குறித்து, பலகையும் பூட்டும் ஒன்றாகத் தெரியும்படி ஒரு படம் எடுத்து இணையுங்கள்.

பூட்டியிருப்பதற்குக் காரணம் பெரும்பாலும் சோம்பேறித்தனம் இல்லை. நூலகர் ஓய்வு பெறுவார், இடம் காலியாகவே இருக்கும், பக்கத்துக் கிளை நூலகரிடம் 'கூடுதல் பொறுப்பு' என்று ஒரு உத்தரவு போகும். அவர் இங்கே திறந்தால் அங்கே பூட்டு. அந்த நூலகரோடு சண்டை போடுவதால் எதுவும் நடக்காது. அவரும் நம்மைப் போல மாட்டிக்கொண்டவர்தான். "நூலகர் இல்லை" என்று எழுதாமல், "இந்நூலகத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடங்கள் எத்தனை, எத்தனை காலி, கூடுதல் பொறுப்பில் இருப்பவர் வாரத்தில் எந்தெந்த நாள் வர வேண்டும்" என்று எழுதுங்கள். எந்தெந்த நாள் என்பது எழுத்தில் கிடைத்து, அதை வாசலில் ஒட்டச் சொன்னால், வீணாக நடப்பதாவது மிச்சமாகும்.

சட்டமன்ற உறுப்பினர் தொகுதி நிதியில் புதுக் கட்டடம் கேட்டு மனு எழுதப் பலரும் கிளம்புகிறார்கள். கட்டடம் கட்ட அந்த நிதி உதவும். ஆள் போட அதில் ஒரு ரூபாய் கூடக் கிடையாது. பணியிடத்தை அனுமதிக்க வேண்டியது நூலகத் துறை. ரிப்பன் வெட்டிய பிறகு பூட்டிக் கிடக்கும் கட்டடங்கள் இப்படித்தான் உருவாகின்றன. கட்டடம் கேட்கும் அதே நாளில் பணியிடமும் கேளுங்கள்.

உள்ளே போய்ப் படிக்க உறுப்பினர் அட்டை தேவையில்லை, பணமும் தேவையில்லை. "கார்டு இருக்கா?" என்று வாசலில் கேட்டுப் பிள்ளைகளைத் திருப்பி அனுப்பினால் அது தவறு. புத்தகத்தை வீட்டுக்கு எடுத்துப் போகத்தான் உறுப்பினராக வேண்டும். அதற்குக் கட்டும் காப்புத்தொகை, உறுப்பினர் பதவியை விடும்போது திரும்பக் கிடைக்க வேண்டிய பணம். ரசீது இல்லாமல் கொடுக்காதீர்கள், ரசீதைத் தொலைக்காதீர்கள். முகவரிச் சான்றில் மாட்டிக்கொள்பவர்கள் வாடகைக்காரர்களும் வெளியூர்ப் பிள்ளைகளும். ஆதாரில் விழுப்புரம் முகவரி, இருப்பது வியாசர்பாடியில் என்றால் இழுத்தடிப்பார்கள். வேறு எந்தச் சான்றை ஏற்பார்கள் என்று கேட்டு, மறுத்தால் மறுப்பை எழுத்தில் தரச் சொல்லுங்கள். 1,000 ரூபாய் கொடுத்துப் 'புரவலர்' ஆகும் திட்டம் ஒன்றும் உண்டு. அது விருப்பப்பட்டவர்கள் தரும் நன்கொடை. உறுப்பினராக அது நிபந்தனை இல்லை.

நூலகங்களில் வாசகர் வட்டம் என்று ஒரு அமைப்பு இருக்கும், பல இடங்களில் பெயரளவில். யார் தலைவர், கடைசியாக எப்போது கூடியது என்று நூலகரிடம் கேளுங்கள். தனியாள் மனுவைவிட வாசகர் வட்டக் கூட்டத்தின் தீர்மானமாகப் போகும் கடிதத்துக்கு அலுவலகத்தில் எடை அதிகம். பத்துப் பேர் சேர்ந்து உட்கார்ந்தாலே கூட்டம் நடந்துவிடும். நூலகர்களில் பலர் இதை விரும்பவே செய்கிறார்கள். தங்களால் மேலே சொல்ல முடியாததை வாசகர்கள் சொல்கிறார்களே என்று.

பூங்கா பற்றி மாநகராட்சியின் 1913 என்ற தொலைபேசி எண்ணில் புகார் பதியலாம். புகார் எண் வரும். சில நாளில் 'சரிசெய்யப்பட்டது' என்று குறுஞ்செய்தியும் வரும், விளக்கு மட்டும் எரியாது. அன்றிரவே படம் எடுத்து, பழைய எண்ணைக் குறிப்பிட்டுப் புதிதாகப் பதியுங்கள். பல பூங்காக்களின் பராமரிப்பு ஒப்பந்தக்காரரிடம் இருக்கிறது. காவலாளி எத்தனை பேர், எத்தனை மணி நேரம், வேலை நடக்காவிட்டால் எவ்வளவு பிடித்தம் என்பதெல்லாம் ஒப்பந்தத்தில் இருக்கும். காவலாளியையோ துப்புரவு செய்யும் அம்மாவையோ திட்டுவதை விட்டு, அந்த ஒப்பந்தத்தின் நகலைக் கேளுங்கள்.

திடலில் யாராவது காசு கேட்டால் மாநகராட்சி ரசீதும் மன்றத் தீர்மான எண்ணும் கேளுங்கள். 2024 அக்டோபரில் செயற்கைப் புல்தரை கால்பந்துத் திடல்கள் ஒன்பதைத் தனியாரிடம் விட்டு, ஆளுக்கு மணிக்கு 120 ரூபாய் வாங்க மாநகராட்சி மன்றத்தில் தீர்மானம் வந்தது. எதிர்ப்பு எழுந்ததும் திரும்பப் பெறப்பட்டது. வியாசர்பாடியில் கால்பந்து ஆடும் பிள்ளைகள் யாரிடமும் மணிக்கு 120 ரூபாய் இருக்காது. 'அகாடமிக்கு நேரம் கொடுத்தாச்சு' என்று மாலை முழுதும் துரத்தினாலும் அதே கேள்விதான்: யார் கொடுத்தது, எந்த உத்தரவில்.

மனுவுக்குப் பதில் இல்லையென்றால் தகவல் உரிமைச் சட்டம். 10 ரூபாய் நீதிமன்றக் கட்டண வில்லை ஒட்டி, பொதுத் தகவல் அலுவலருக்குப் பதிவுத் தபாலில் அனுப்புங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும். அலைக்கழிப்புக்கு இதில் ஒரு தடை உண்டு: தகவல் வேறு அலுவலகத்தில் இருந்தால், 6(3) பிரிவின்படி ஐந்து நாளுக்குள் அவர்களே உரிய இடத்துக்கு அனுப்ப வேண்டும். சாதாரண மனுவைப் போல 'எங்களுடையதல்ல' என்று மூடிவிட முடியாது. ஆனால் 'ஏன் திறக்கவில்லை' என்று கேட்காதீர்கள், அது தகவல் ஆகாது என்று தள்ளிவிடுவார்கள். பணியாளர் வருகைப் பதிவேட்டின் நகல், கூரைப் பழுதுக்குத் தயாரித்த மதிப்பீட்டின் நகல், இந்த அரையாண்டில் மாநகராட்சி வசூலித்த நூலக வரி எவ்வளவு, ஆணைக்குழுவுக்குக் கொடுத்தது எவ்வளவு என்று கேளுங்கள். நூலக வரி நிலுவையில் நிற்பது சென்னையில் பல ஆண்டுகளாகப் பேசப்படும் விஷயம்.

அந்தப் பெண்ணின் மனுக்களில் கட்டடம் பற்றியதுதான் முதலில் நகர்ந்தது. மாநகராட்சிக் கட்டடம்தான் என்று நூலகத் துறை எழுதிக் கொடுத்த தாளை இணைத்ததும் உதவிப் பொறியாளர் வந்து பார்த்தார், கழிவறை திறந்தது, கூரைக்கு மதிப்பீடு போனது. நூலகர் பணியிடம் இன்னும் காலிதான். கூடுதல் பொறுப்பு நூலகர் வரும் நாட்கள் மட்டும் இப்போது வாசலில் ஒட்டப்பட்டிருக்கின்றன. 'நிதி வந்ததும் கூரை சரிசெய்யப்படும்' என்று பதில் வந்திருப்பதால், மதிப்பீட்டின் தேதியும் எண்ணும் கேட்டு அடுத்த விண்ணப்பம் எழுதியிருக்கிறாள். 30 நாளில் பதில் வராவிட்டால், அதற்கடுத்த 30 நாளுக்குள் அதே அலுவலகத்தின் மேல்முறையீட்டு அலுவலருக்கு எழுத வேண்டும். அந்தக் கெடுவைத் தவறவிட்டால், தாமதத்துக்குக் காரணம் சொல்ல வேண்டியவர் நீங்களாகிவிடுவீர்கள்.