லாரி வாடகைக்கு 5 சதவீதம் என்று யார் சொன்னது?

இந்த மாதமும் அதே பில்தான் மேசைக்கு வந்தது. கரூரில் ஜவுளி வியாபாரம் செய்பவர், ஒரு லாட்ஜுக்கு அனுப்பிய சரக்கு. பருத்தி பெட்ஷீட் 200, ஒன்று 600 ரூபாய், மொத்தம் 1,20,000. இதற்கு ஜிஎஸ்டி வரி 5 சதவீதம். ஃபோம் மெத்தை 16, ஒன்று 5,000, மொத்தம் 80,000. இதற்கு 18 சதவீதம். இதுவரை சரி. அதற்குக் கீழேதான் கோளாறு. லாரி வாடகை 7,000, அதற்கு 5 சதவீதம் போட்டிருக்கிறார். பேக்கிங் 2,000, இன்சூரன்ஸ் 1,000, இரண்டுக்கும் வரியே இல்லை.

ஏன் என்று கேட்டால், "லாரி ஆபீஸ்ல அஞ்சு பர்சென்ட்தானே சார், மத்தது அவங்களுக்காக நான் கைக்காசு போட்டது" என்கிறார். இதே பதிலை எத்தனை பேரிடம் கேட்பது!

பொறுமையாகவே சொல்கிறேன். லாரிக்காரருக்கும் உங்களுக்கும் நடப்பது ஒரு வியாபாரம். அதில் வாடகை கொடுப்பவர் நீங்கள் என்பதால் அவருக்குப் பதில் நீங்களே ரிவர்ஸ் சார்ஜில் 5 சதவீதம் கட்டுகிறீர்கள், கட்டியதை கிரெடிட்டும் எடுக்கிறீர்கள். அந்த 5 சதவீதத்தின் வேலை அங்கேயே முடிந்துவிட்டது. உங்களுக்கும் லாட்ஜுக்கும் நடப்பது வேறு வியாபாரம். அதில் நீங்கள் விற்பது பெட்ஷீட்டும் மெத்தையும். லாரிப் போக்குவரத்தை அல்ல. அவற்றைக் கட்டி, ஏற்றி, சேதாரத்துக்கு இன்சூரன்ஸ் செய்து கொண்டுபோய்ச் சேர்ப்பதெல்லாம் அந்த விற்பனையின் பகுதி. சட்டமே, பிரிவு 2(30)-இல், ஒன்றோடொன்று சேர்ந்தே போகும் காம்போசிட் சப்ளைக்கு உதாரணமாக பேக்கிங், போக்குவரத்து, இன்சூரன்ஸோடு அனுப்பும் சரக்கைத்தான் சொல்கிறது. சரக்குதான் பிரதானம், அதன் விகிதம்தான் எல்லாவற்றுக்கும். பிரிவு 15(2)(c) இந்த மாதிரிச் செலவுகளை விற்பனை மதிப்பில் சேர்க்கச் சொல்கிறது. பில்லில் தனி வரிசையாகக் காட்டினாலும் மதிப்பு அதேதான். பதிவு செய்த வியாபாரி காய்கறி மாதிரி வரி இல்லாத சரக்கை அனுப்பினால் அதோடு வசூலிக்கும் வாடகைக்கும் வரி இல்லை என்பதும் இதே கணக்குதான்.

இங்கே இரண்டு விகிதச் சரக்கு இருப்பதால் 10,000 ரூபாய் செலவைப் பிரிக்க வேண்டும். எப்படிப் பிரிப்பது என்று சட்டம் முறை சொல்லவில்லை. சரக்கு மதிப்பின்படி பிரிப்பதுதான் வழக்கம், கேட்டால் விளக்கவும் சுலபம். 1,20,000-க்கு 80,000, அதாவது 60-க்கு 40. பெட்ஷீட்டோடு 6,000 சேர்த்தால் 1,26,000, அதற்கு 5 சதவீதம் 6,300. மெத்தையோடு 4,000 சேர்த்தால் 84,000, அதற்கு 18 சதவீதம் 15,120. மொத்த வரி 21,420. அவர் பில்லில் இருந்தது 20,750. ஒரு பில்லுக்கு 670 ரூபாய் குறைவு. வாரா வாரம் இப்படி அனுப்பிக்கொண்டே இருந்தால் வருஷக் கடைசியில் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள், அதோடு 18 சதவீத வட்டியும் உண்டு. பின்னால் டெபிட் நோட் போட்டு லாட்ஜிடம் கேட்கலாம்தான், ஆனால் கிரெடிட் எடுக்க முடியாதவர்கள் பழைய பில்லுக்குக் காசு தருவார்களா? பெரும்பாலும் உங்கள் லாபத்திலிருந்துதான் போகும்.

பயந்துபோய் மொத்தச் செலவுக்கும் 18 சதவீதம் போடுகிறவர்களும் இருக்கிறார்கள். ஒவ்வொரு சரக்குக்கும் தனித்தனி விலை இருக்கும்போது அது ஒரே விலைக்குச் சேர்த்து விற்கும் மிக்ஸ்டு சப்ளை ஆகாது. தேவையில்லாமல் வாடிக்கையாளர் தலையில் வரியைக் கட்டாதீர்கள்.

வாங்குபவரே லாரி பிடித்து, லாரி ரசீதான எல்.ஆர். அவர் பெயரில் போட்டு, வாடகையையும் அவரே கொடுத்தால் அது உங்கள் பில்லுக்குள் வராது. ஆனால் டெலிவரி உங்கள் பொறுப்பு என்று பேசிவிட்டு, லாரிக்காரருக்கு அவரைக் கொடுக்கச் சொல்லி பில்லில் வாடகையை விட்டுவிட்டால், 15(2)(b)-இன்படி அந்தத் தொகையும் உங்கள் மதிப்பில் சேரும். ஆர்டர் எடுக்கும்போதே வாடகை யாருடையது என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள், தயவுசெய்து.

டேலியில் பில் போடுகிறவர்கள் இப்போதே வாடகை லெட்ஜரைத் திறந்து பாருங்கள். அதில் ஜிஎஸ்டி Applicable என்று வைத்து 5 சதவீதம் போட்டிருந்தால் தவறு அங்கேதான் இருக்கிறது. அதை Not Applicable ஆக்கி, Include in assessable value calculation for என்ற இடத்தில் GST, Appropriate to என்ற இடத்தில் Goods, Method of calculation-இல் Based on Value கொடுங்கள். பேக்கிங், இன்சூரன்ஸ் லெட்ஜர்களுக்கும் இதையே செய்யுங்கள். அப்புறம் இரண்டு விகிதச் சரக்கோடு ஒரு மாதிரி பில் போட்டு, கால்குலேட்டரில் ஒருமுறை சரிபார்த்துவிட்டு மற்ற பில்களைத் தொடுங்கள். போன மாத பில்களையும் அடுத்த ஜிஎஸ்டிஆர்-1 போடுவதற்குள் புரட்டிவிடுங்கள். குறைவு இருந்தால் நோட்டீஸ் வரும்வரை காத்திருக்காமல் டெபிட் நோட் போட்டுக் கட்டிவிடுங்கள், வட்டி ஓடும் நாளாவது குறையும்.