சவரக்கத்திக்கு வழி கூடிய கதை

சோழவந்தான் பக்கம் கொடிக்கால் ஊர் ஒன்றில் சவரத்தொழில் செய்யும் பெரியவர், பல வருடமாக என்னிடம் பிரஷர் மாத்திரைக்கு வருகிறார். வயது 76. எங்கள் பக்கத்தில் அவர் சமூகத்துக்கு மருத்துவர் என்றே ஒரு பெயர் உண்டு. அவருடைய அப்பா கட்டி உடைத்து மருந்து வைத்தவர், அப்பத்தா ஊருக்கே பிரசவம் பார்த்தவர். "நாம ரெண்டு பேரும் மருத்துவர்தான் டாக்டரய்யா, ஃபீஸ்தான் வேற" என்று சிரிப்பார்.

2024 ஆடி மாதக் கடைசியில் மாத்திரை தீரும் முன்பே வந்து நின்றார். கையில் மஞ்சள் பை, பைக்குள் மூன்று ஆல்பம். கூடவே 31 வயதில் ஒருவர், ஆவணியில் முகூர்த்தம் குறித்திருக்கும் மாப்பிள்ளை. விடியற்காலையில் மினி லாரியில் பூ ஏற்றி மாட்டுத்தாவணி மார்க்கெட்டுக்கு ஓட்டுபவர். (அவர் சம்மதத்தோடுதான் எழுதுகிறேன். அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.)

நடந்தது இதுதான். கல்யாண ஃபிளெக்ஸில் மாப்பிள்ளையின் சின்ன வயசுப் படம் போட வேண்டும் என்று வீட்டில் பழைய ஆல்பங்களை இறக்கித் திண்ணையில் பரப்பியிருக்கிறார்கள். பந்தக்கால் விஷயமாகப் பேசப் போன பெரியவர், காபி வரும்வரை சும்மா புரட்டியிருக்கிறார். 2012-இல் அக்கா கல்யாணம், 2017-இல் புதுமனை புகுவிழா, அந்த வைகாசியில் நடந்த நிச்சயதார்த்தம். புரட்டியவர் அங்கேயே உட்கார்ந்துவிட்டார். மூன்று ஆல்பத்தையும் பக்கத்தில் பக்கத்தில் விரித்து, ஒவ்வொரு படத்திலும் மாப்பிள்ளையின் தலைமுடியையும் மீசையையும் விரலால் மறைத்து மறைத்துப் பார்த்திருக்கிறார். "முடியும் மீசையும் ஆளை மாத்திரும்யா. அதை மூடிட்டாத்தான் மொகம் தெரியும்" என்றார் என்னிடம். எத்தனையோ பேருக்கு மொட்டை போட்ட அனுபவம்.

அவருக்கு ஏற்கெனவே ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. மாப்பிள்ளைக்கு முதல் மொட்டை போட்டதிலிருந்து அவர்தான் சவரம். கீழுதட்டுக்குக் கீழே மேவாய் வரை முன்பெல்லாம் இரண்டு இழுப்பு போதுமாம், இரண்டு வருடமாக மூன்று இழுப்பு. தோலும் தடித்துவிட்டது, எண்ணெய் வழிகிறது, கழுத்தில் சின்னச் சின்ன மருக்கள் கத்தியில் பட்டு ரத்தம் வருகிறது, படிக்காரத்தைத் தேய்க்க வேண்டியிருக்கிறது. "என் கைதான் தளந்துபோச்சுன்னு நெனச்சேன். ஆல்பத்தைப் பாத்தப்பறந்தான் தெரிஞ்சுது, கத்திக்கு வழி கூடிப்போச்சு" என்றார்.

கல்யாண வீட்டில் இதை அவர் வாய் திறக்கவில்லை. முகூர்த்தத்துக்கு மூன்று வாரம் இருக்கும்போது மாப்பிள்ளை முகத்தைக் குறை சொன்னால் பேச்சு எங்கே போய் நிற்கும், யார் தலையில் விழும் என்று அவருக்குத் தெரியும். ஃபிளெக்ஸுக்கு நல்ல படமாகப் பொறுக்கித் தருகிறேன் என்று ஆல்பங்களை வாங்கிக்கொண்டு, மாப்பிள்ளையிடம் மட்டும் "தம்பி, ஒரு எட்டு டாக்டரைப் பாத்துட்டு வந்துருவோம்" என்று கூட்டி வந்துவிட்டார்.

இப்போது என் பங்கைச் சொல்ல வேண்டும். அந்தத் தம்பி எனக்குப் புதியவர் அல்ல. முந்தைய வருடத்தில் இரண்டு முறை என்னிடம் வந்தவர். ஒரு முறை இரவில் கை விரல்கள் மரத்துப்போகின்றன என்று, இன்னொரு முறை தலைவலி. ஸ்டியரிங் பிடிக்கிற கை, தூக்கம் கெட்ட தொழில் என்று நானே காரணம் சொல்லிக்கொண்டு மாத்திரை எழுதினேன். இரண்டு முறையும் அவர் முகத்தைப் பார்த்துத்தான் பேசினேன். அந்த முகம்தான் அவருடைய முகம் என்று எடுத்துக்கொண்டேன், வேறு எதனோடு ஒப்பிடுவது? ஆல்பங்களை மேஜையில் விரித்த பிறகுதான் உறைத்தது. 2012-க்கும் 2017-க்கும் பெரிய வித்தியாசம் இல்லை. 2017-க்கும் நிச்சயதார்த்தத்துக்கும் நடுவில் புருவ எலும்பு முன்னே தள்ளி, மூக்கு அகன்று, உதடு தடித்து, கீழ்த்தாடை நீண்டிருந்தது. பழைய படத்தில் நெருக்கமாக இருந்த பல்வரிசையில் இப்போது இடைவெளி.

இந்த நோய்க்கு அக்ரோமெகலி என்று பெயர். மூளைக்கு அடியில், கொண்டைக்கடலை அளவில் பிட்யூட்டரி என்ற சுரப்பி இருக்கிறது. அதில் புற்றுநோய் அல்லாத ஒரு சின்னக் கட்டி வந்து, வளர்ச்சி ஹார்மோனை நிறுத்தாமல் சுரந்துகொண்டே இருக்கும். சிறு வயதில் வந்தால் ஆள் மிக உயரமாக வளர்வார். எலும்பின் நுனிகள் மூடிய பிறகு வந்தால் உயரம் கூடாது. கை, கால், தாடை, நாக்கு, தோல் இவைதான் தடிக்கும். அரிய நோய்தான். ஆனால் மிக மெதுவாக நடப்பதால் தினமும் பார்க்கிற வீட்டாருக்குத் தெரியாது, கண்ணாடி பார்க்கிற அவருக்கும் தெரியாது. முதல் மாற்றத்துக்கும் நோயைக் கண்டுபிடிப்பதற்கும் நடுவில் பல வருடம் ஓடிவிடுவது சகஜம். அதற்குள் சர்க்கரை, ரத்த அழுத்தம், மூட்டு வலி, இதய வீக்கம் என்று ஒவ்வொன்றாக வந்து சேரும்.

ஆல்பத்தை வைத்துக்கொண்டு கேட்டால் ஒவ்வொன்றாக வெளியே வந்தது. செருப்பு 8-லிருந்து 10 ஆகியிருந்தது. "கம்பெனிக்குக் கம்பெனி சைஸ் மாறுதுன்னு நெனச்சேன் சார்." நிச்சயத்துக்குப் பெண் வீட்டார் போட்ட மோதிரத்தை ஆசாரியிடம் இரண்டு முறை பெரிதாக்கியிருக்கிறார்கள். குறட்டையால் லோடுக்குக் கூட வருகிற பையன் வண்டியில் படுப்பதில்லை. மார்கழியிலும் வியர்வை.

எனக்குப் பயம் தந்தது வேறொன்று. ஒரு வருடமாக வண்டியின் இரண்டு பக்கக் கண்ணாடியையும் மாறி மாறி இடித்து உடைத்திருக்கிறார். கவனக்குறைவு என்று முதலாளி திட்டியிருக்கிறார். அவரை என் மூக்கையே பார்க்கச் சொல்லி, ஒரு கண்ணை மூடவைத்து, பக்கவாட்டில் என் விரலை ஆட்டினேன். வலக்கண்ணுக்கு வலது ஓரம் தெரியவில்லை, இடக்கண்ணுக்கு இடது ஓரம் தெரியவில்லை. பிட்யூட்டரிக்கு நேர் மேலேதான் இரண்டு பார்வை நரம்புகளும் குறுக்காகச் சந்திக்கின்றன. கட்டி மேலே வளர்ந்து அங்கே அழுத்தினால் முதலில் போவது இரண்டு கண்ணின் வெளி ஓரப் பார்வை. நேரே பார்ப்பது தெளிவாக இருப்பதால் ஆளுக்கே தெரியாது. அன்றைக்கே லாரி சாவியைக் கொடுத்துவிடச் சொன்னேன்.

படம் சந்தேகத்தைத்தான் தரும், முடிவைத் தருவது ரத்தம். வளர்ச்சி ஹார்மோன் நாளுக்குள்ளேயே ஏறி இறங்கும், அதனால் ஒரு வேளை ரத்தத்தில் அதை அளந்து பயனில்லை. அதன் வேலையால் உருவாகிற ஐ.ஜி.எஃப்-1 என்ற பொருள் நாள் முழுக்க ஓரளவு நிலையாக இருக்கும், அதை வயதுக்குரிய அளவோடு ஒப்பிட வேண்டும். இவருக்கு மேல் எல்லையைப் போல ஏறக்குறைய மூன்று மடங்கு இருந்தது. அடுத்து, வெறும் வயிற்றில் 75 கிராம் குளுக்கோஸைக் கரைத்துக் குடிக்கவைத்து, அரை மணிக்கு ஒரு முறை இரண்டு மணி நேரம் ரத்தம் எடுத்தார்கள். சாதாரண உடம்பில் சர்க்கரை ஏறினால் வளர்ச்சி ஹார்மோன் மில்லிலிட்டருக்கு 1 நானோகிராமுக்குக் கீழே அடங்கிவிடும். இவருக்கு அடங்கவே இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் 18 மில்லிமீட்டர் கட்டி. 10 மில்லிமீட்டரைத் தாண்டினாலே பெரிய கட்டி என்றுதான் கணக்கு.

பார்வை நரம்பு அழுந்தியிருந்ததால் தள்ளிப்போட முடியவில்லை. மாப்பிள்ளையே பெண் வீட்டுக்குப் போய், ஸ்கேனைக் காட்டிச் சொல்லிவிட்டார். அந்தப் பெண்ணும் அவர் அண்ணனும் என்னிடம் வந்து அரை மணி நேரம் கேள்வி கேட்டார்கள், நல்ல கேள்விகள். ஒட்டுமா, குழந்தைகளுக்கு வருமா, குழந்தை பிறக்குமா. ஒட்டாது. பெரும்பாலும் பரம்பரை இல்லை. கட்டியால் ஆண் ஹார்மோன் குறைந்திருக்கலாம், அதை அளந்து சரிசெய்யலாம் என்றேன். முகூர்த்தம் தைக்கு மாறியது.

ஆவணியில் மூக்கு வழியாகவே உள்ளே போய்க் கட்டியை எடுத்தார்கள், வெளியே தழும்பு கிடையாது. சின்னக் கட்டியாக இருந்திருந்தால் அதோடு முடிந்திருக்க வாய்ப்பு அதிகம். பெரிய கட்டியில் ஓரம் கொஞ்சம் தங்கிவிடுவது உண்டு. பன்னிரண்டு வாரம் கழித்து எடுத்த ஐ.ஜி.எஃப்-1 நன்றாக இறங்கியிருந்தது, ஆனால் எல்லைக்குச் சற்று மேலேதான். அதனால் வளர்ச்சி ஹார்மோனை அடக்குகிற ஆக்ட்ரியோடைட் ஊசியை மாதம் ஒன்று என்று தொடங்கினோம். ஓரப் பார்வை பெரும்பாலும் திரும்பிவிட்டது.

ஆல்பம் பார்க்கும் வேலையை அதற்குப் பிறகு நானும் பழகிக்கொண்டேன். அதில் ஏமாறவும் செய்தேன். செல்ஃபியை நம்பக் கூடாது. கேமரா முகத்துக்குப் பக்கத்தில் இருந்தால் யாருக்கும் மூக்கு பெரிதாகத் தெரியும். ஸ்டுடியோவில் மெருகேற்றிய படமும் ஆகாது. பத்தாம் வகுப்பு ஹால் டிக்கெட், ஓட்டுநர் உரிமம், வாக்காளர் அட்டை, இவற்றுக்காக எடுத்த படங்கள் நல்லவை. சிரிப்பில்லாமல், நேராக, ஏறக்குறைய ஒரே தூரத்தில் எடுத்திருப்பார்கள். ஐந்து வருட இடைவெளியில் மூன்று படம் போதும். உடம்பு பெருத்தால் கன்னம் உருளும், ஆனால் தாடை எலும்பு நீளாது, பல் விலகாது. தைராய்டு குறைந்தால் முகம் ஊதும், தோல் வறண்டிருக்கும். இங்கே தோலில் எண்ணெய் வழியும். சில குடும்பங்களில் தாடையே நீளம். அதற்கு அப்பாவின் அதே வயசுப் படத்தைக் கேட்பேன். படத்தோடு மோதிரமும் செருப்பும் சேர்ந்து பேசினால்தான் ரத்தப் பரிசோதனைக்கு எழுதுகிறேன். ஒரு கல்லூரி ஆசிரியைக்கு படத்தை மட்டும் நம்பி எழுதி, முடிவு சாதாரணமாக வந்து, அவர் ஒரு வாரம் தூங்காமல் இருந்ததுதான் மிச்சம்.

தையில் கல்யாணத்துக்குப் போயிருந்தேன். முதல் நாள் சாயங்காலம் கொல்லைப்புறத்தில் பெரியவர் சவரச் சாமான் வைக்கும் அடப்பத்தைத் திறந்து உட்கார்ந்திருந்தார். எத்தனை இழுப்பு என்று கேட்டேன். "மூணுதான்யா. எலும்பு எறங்கலை. ஆனா தோலு பழைய தோலு, கத்தி வழுக்கிட்டுப் போகுது" என்றார். வளர்ந்த எலும்பு குறையாது, வீங்கிய தசையும் தோலும்தான் வடியும். அதை அவர் கத்தியே சொல்லிவிட்டது.

மறுநாள் மேடையில் மாப்பிள்ளை விரலில் அந்த மோதிரம் கழன்று கழன்று விழுந்தது. ஆசாரியிடம் போக நேரமில்லை. பெண்ணின் அம்மா மஞ்சள் நூலை எடுத்து அதன் அடியில் நான்கு சுற்று சுற்றிக் கொடுத்தார்.