கேரியர்: மரபணுத் தாங்கி

மதுரை வட்டாரத்தில் கேரியர் என்றால் சைக்கிளின் பின்பக்கம் நினைவுக்கு வரும், இல்லையென்றால் டிபன் கேரியர். பிள்ளைக்கு ஒரு பரம்பரை நோய் என்று தெரிந்து மரபணு ஆலோசனைக்குப் போகும் குடும்பங்கள்தான் அந்தச் சொல்லை வேறொரு பொருளில் முதன்முறையாகக் கேட்கின்றன. “நீங்க ரெண்டு பேருமே கேரியர்” என்று மருத்துவர் சொன்னதும் சிலர் தங்களுக்கும் நோய் இருப்பதாக நினைத்துப் பயப்படுகிறார்கள். சிலர் தங்களிடமிருந்து மற்றவர்களுக்குத் தொற்றிவிடுமோ என்று ஒதுங்குகிறார்கள். இரண்டும் தேவையில்லாத பயம். “எங்க வகையறாவுல யாருக்குமே இப்படி இருந்ததில்லையே” என்று பிள்ளையின் தாய் கேட்பதுதான் சரியான கேள்வி. அதற்குரிய பதில் இந்தச் சொல்லுக்குள்ளும், அதையொட்டிய ஒரு சின்னக் கணக்குக்குள்ளும் இருக்கிறது.

முதலில் சொல். ஆங்கிலத்தில் ‘கேரி’ என்றால் சுமந்து செல்வது. அதன் வேர் சக்கர வண்டியைக் குறிக்கும் ‘கார்ரும்’ என்னும் இலத்தீன் சொல். உரோமானியர் அதை இன்றைய பிரான்சுப் பகுதியில் வாழ்ந்த கெல்டியரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள். வட பிரெஞ்சு வழியாக அது ஆங்கிலத்துக்கு வந்தது. நாம் ஓட்டும் காரும் அதே வேரில் முளைத்ததுதான். மருத்துவத்தில், டைபாய்டு போன்ற தொற்றைத் தான் நோயுறாமலே உடலில் வைத்திருப்பவரைக் கேரியர் என்றார்கள். மரபியலிலும் அதே சொல் வழங்குவதால்தான் தொற்றும் என்ற பயமும் அதனோடு ஒட்டிக்கொண்டே வருகிறது.

மரபியலில் அதன் பொருள் இது. நம் மரபணுக்கள் பெரும்பாலும் இரண்டு பிரதிகளாக இருக்கின்றன, தாய் தந்தது ஒன்று, தகப்பன் தந்தது ஒன்று. ஒரு மரபணுவின் மாற்று வடிவங்களை அல்லீல் என்கிறோம். பாடப்புத்தகம் அப்படியே எழுதுவதால் நானும் அதையே வைத்துக்கொள்கிறேன். ஒடுங்கு நோய் என்றால், பழுதான அல்லீல் இரண்டு பிரதியிலும் இருந்தால்தான் நோய் வெளிப்படும். ஒன்றில் மட்டும் இருந்தால் நல்ல பிரதி வேலையைப் பார்த்துக்கொள்ளும். அப்படி ஒன்றை மட்டும் வைத்திருப்பவர்தான் கேரியர்.

தமிழில் ‘கடத்தி’ என்று எழுதுகிறார்கள். மின்கடத்திக்குப் பொருந்தும் சொல்தான். ஆனால் கடத்துதல் ஒரு செயல். இவரோ எதையும் செய்யவில்லை, வைத்திருக்கிறார், அவ்வளவே. பெண் பார்க்க வந்த இடத்தில் ‘நோய்க் கடத்தி’ என்று ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு எழுந்தால் என்ன ஆகும் என்பதை நம் ஊரில் யாரும் விளக்க வேண்டியதில்லை. ‘நோய்பரப்பி’ இன்னும் மோசம், அது கொசுவுக்குரிய பெயர். காவுதல் என்ற பழஞ்சொல் ஒன்று உண்டு, தோளில் சுமப்பது என்று பொருள். அதியமான் வாயிலில் கோபித்துக்கொண்டு கிளம்பும் ஔவை “காவினெம் கலனே” என்பது அந்தச் சொல்தான். பழனிக்குப் போகும் காவடியிலும் அது வாழ்கிறது. ஈழத்துத் தமிழில் இன்னும் பேச்சில் இருக்கிறது. அதிலிருந்து ‘காவி’ என்று ஆக்கலாம், ஆனால் இங்கே காவி என்றால் வேட்டியின் நிறம்தான் முதலில் தெரியும். என் தேர்வு தாங்கி. சாலையோரச் சுமைதாங்கிக் கல்லில் உள்ள அதே தாங்கி. தாங்கப்படுவது நோய் அல்ல, ஓர் அல்லீல் என்பதால் ‘நோய்த் தாங்கி’ என்றும் சொல்லாமல் மரபணுத் தாங்கி என்பதே நேர். மக்களில் எத்தனை பேருக்கு ஒருவர் தாங்கி என்பதைக் குறிக்கத் ‘தாங்கி வீதம்’ போதும். அலைவெண் என்று சிலர் எழுதுகிறார்கள். அது ஒலிக்கும் வானொலிக்கும் உரியது. இங்கே அலை எதுவும் இல்லை, பங்குதான் இருக்கிறது.

இனி அந்தப் பங்கை எப்படிக் கணக்கிடுவது. ராமானுஜனைக் கேம்பிரிட்ஜுக்கு வரவழைத்த அதே ஹார்டிதான் 1908-இல் இதை ஒரு சிறு கடிதமாக எழுதினார். அதே ஆண்டு ஜெர்மனியில் வைன்பெர்க் என்ற மருத்துவரும் தனியாக அதே முடிவுக்கு வந்திருந்தார். மக்கள்தொகை பெரியதாக இருந்து, இந்த மரபணுவைப் பொறுத்தவரை யாரை யார் மணப்பது என்பதில் எந்தச் சாய்வும் இல்லாமல் இருந்தால், நல்ல அல்லீலின் பங்கு p, பழுதானதன் பங்கு q என வைத்து:

p² + 2pq + q² = 1

q² நோயாளிகள், 2pq தாங்கிகள், p² இரண்டு நல்ல பிரதியும் உள்ளவர்கள். நடுவில் 2 எதற்கு என்றால், பழுதானது தாயிடமிருந்தும் வரலாம், தகப்பனிடமிருந்தும் வரலாம், வழி இரண்டு.

ஓர் உதாரணம் போட்டுப் பார்ப்போம். 10,000 பேர் இருக்கும் ஊர். ஆளுக்கு இரண்டு பிரதி, மொத்தம் 20,000. அவற்றில் 200 பழுதானவை என்றால் q = 200/20,000 = 0.01, p = 0.99. நோயாளிகள் q² = 0.0001, அதாவது 10,000-இல் ஒருவர். தாங்கிகள் 2 × 0.99 × 0.01 = 0.0198, அதாவது 198 பேர், ஏறத்தாழ ஐம்பதுக்கு ஒருவர். பிரதிகளைத் திருப்பி எண்ணிச் சரிபாருங்கள். நோயாளி ஒருவரிடம் 2, தாங்கிகள் 198 பேரிடம் ஆளுக்கு ஒன்றாக 198, கூட்டினால் 200. பழுதான பிரதிகளில் நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது நலமாக நடமாடுகிறவர்களிடமே இருக்கின்றன. “எங்க வகையறாவுல யாருக்குமே இல்லையே” என்ற கேள்விக்குப் பதில் இதுதான். யாருக்கும் நோய் இல்லாமலே அது தலைமுறை தலைமுறையாக வந்திருக்க முடியும்.

இந்த இடத்தில் மாணவர்கள் அடிக்கடி சறுக்குவது ஒன்று. ‘10,000-இல் ஒருவருக்கு நோய்’ என்று கேள்வியில் இருந்தால் அதையே q என்று எடுத்து, தாங்கிகள் 5,000-இல் ஒருவர் என்று எழுதிவிடுவார்கள். கொடுத்திருப்பது நோயாளிகளின் வீதமா, அல்லீலின் வீதமா என்று முதலில் பார்க்க வேண்டும். நோயாளிகளின் வீதம் என்றால் வர்க்கமூலம் எடுத்த பிறகே q கிடைக்கும். அரிய நோயில் தாங்கிகள் நோயாளிகளைவிடப் பல மடங்கு இருக்க வேண்டும். விடை அப்படி வரவில்லையென்றால் எங்கோ ஒரு படி தவறியிருக்கிறது.

இதைவிடப் பெரிய சிக்கல் நம் ஊர் வழக்கத்தில் இருக்கிறது. சாய்வில்லாத மணம் என்ற நிபந்தனை மதுரைப் பக்கம் அப்படியே பொருந்தாது. அக்காள் மகளைத் தாய்மாமன் கட்டுவதும், அத்தை மகள், மாமன் மகள் என்று முறைப்பெண்ணைக் கட்டுவதும் இங்கே பழகிய உறவு. அப்படிப் பிறக்கும் பிள்ளைக்கு ஒரே மூதாதையின் ஒரே பிரதி இரு பக்கமிருந்தும் வந்து சேர வாய்ப்பு உண்டு. அந்த வாய்ப்பை F என்பார்கள். தாய்மாமன் மணத்தில் அது 1/8, அத்தை அல்லது மாமன் பிள்ளைகள் மணத்தில் 1/16. நூறு திருமணத்தில் 8 தாய்மாமன் மணம், 16 முறைப்பெண் மணம், மீதி வெளிச்சம்பந்தம் என்று கணக்குக்காக வைத்துக்கொள்வோம். முந்தியதில் 8 × 1/8 = 1, பிந்தியதில் 16 × 1/16 = 1, கூட்டி நூறால் வகுத்தால் ஊரின் சராசரி F = 0.02.

இப்போது நோயாளிகள் q² அல்ல, q² + Fpq. தாங்கிகள் 2pq அல்ல, 2pq(1 − F). அதே ஊர், அதே 200 பழுதான பிரதிகள். தாங்கிகள் 198-லிருந்து 194 ஆகிறார்கள், கிட்டத்தட்ட மாற்றமில்லை. நோயாளிகளோ ஒருவரிலிருந்து மூவராகிறார்கள். பிரதிகள் கூடவும் இல்லை, குறையவும் இல்லை. தனித்தனியே இருந்தவற்றில் நான்கு பிரதிகள் இரண்டு சோடியாகச் சேர்ந்துகொண்டன, அவ்வளவுதான்.

இதில் கவனிக்க வேண்டியது கணக்குப் போடும் திசை. அல்லீல் வீதத்திலிருந்து தாங்கி வீதத்துக்கு வந்தால், உறவுமணம் இருந்தாலும் 2pq பெரிதாக ஏமாற்றாது. நோயாளிகளை எண்ணி, வர்க்கமூலம் எடுத்து வந்தால் ஏமாற்றும். மேலே சொன்ன ஊரில் மூன்று நோயாளிகளைப் பார்த்த ஒருவர் 0.0003-க்கு மூலம் எடுத்தால் q 0.0173 ஆகும், தாங்கிகள் 340 என்று வரும். உண்மையில் இருப்பது 194. நோயாளிகளின் பெற்றோரில் சொந்தத்தில் கட்டியவர்களின் பங்கு, ஊரின் பொதுவான பங்கைவிடத் தெளிவாகக் கூடியிருந்தால் இந்தத் தவறு நடக்கிறது என்று அறியலாம். அப்போது நோய்ப் பதிவேட்டை விட்டுவிட்டு, பொதுமக்களில் சிலரின் இரத்தத்தைப் பரிசோதித்துப் பிரதிகளை நேரடியாக எண்ணுவதே வழி. 500 பேரைப் பார்த்தால் 1,000 பிரதிகள், அவற்றில் பழுதானது 10 என்றால் q = 10/1,000 = 0.01. ஒவ்வொரு சமூகமும் தனக்குள்ளேயே மணம் செய்துகொள்ளும் மாவட்டத்தில் அந்த 500 பேரை எல்லாரையும் கலந்து எடுத்தால் யாருக்கும் பொருந்தாத ஒரு சராசரிதான் கிடைக்கும் என்பதால், சமூகவாரியாக எண்ணுவது நல்லது.

தனிக் குடும்பத்துக்கு இந்த வீதம் எங்கே உதவுகிறது என்று பார்ப்போம். உசிலம்பட்டிப் பக்கம் ஒரு பெண், அவள் தம்பிக்கு இந்த நோய், அவள் நலமாக இருக்கிறாள் என்று வையுங்கள். பெற்றோர் இருவரும் தாங்கிகள் என்பது தம்பியால் உறுதி. அவர்களின் பிள்ளைகளில் நலமாக இருப்பவர் தாங்கியாக இருக்க வாய்ப்பு 2/3. அவளுக்கு வெளியில் மாப்பிள்ளை பார்த்தால் அவர் தாங்கியாக இருக்க வாய்ப்பு ஊரின் தாங்கி வீதமான 1/50. இருவரும் தாங்கிகளானால் ஒவ்வொரு பிள்ளைக்கும் நோய் வர வாய்ப்பு 1/4. பெருக்கினால் 2/3 × 1/50 × 1/4 = 1/300.

அதே பெண்ணைத் தாய்மாமனுக்குக் கொடுத்தால் ஊரின் வீதத்துக்கு வேலையில்லை. தாய் தாங்கி என்பது தெரிந்ததால், தாயின் உடன்பிறந்தவரான மாமன் தாங்கியாக இருக்க வாய்ப்பு 1/2. 2/3 × 1/2 × 1/4 = 1/12. முன்னதைவிட 25 மடங்கு. தாய்மாமன் சீரோடு வந்து நிற்கும் குடும்பத்திடம் இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதிக் காட்ட வேண்டும், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே காட்ட வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். தம்பியிடம் எந்த அல்லீல் பழுது என்று ஏற்கெனவே கண்டறிந்திருந்தால், பெண்ணிடமும் மாமனிடமும் அதை மட்டும் தேடினால் போதும். இருவரில் ஒருவரிடம் அது இல்லையென்றால் 1/12 ஏறக்குறைய பூஜ்யத்துக்கு இறங்கிவிடும். இருவரிடமும் இருந்தால் அது 1/4.