தம்பிக்கு எழுதிய கடிதமும் நான்கு பழமொழிகளும்

குடும்ப ஆலோசனைக்கு வருகிறவர்களில் சிலர் கையில் ஒரு கடிதத்தோடு வருவார்கள். ஆண்டுக்கணக்கில் பேசாத அண்ணனுக்கோ தங்கைக்கோ எழுதியது. "அனுப்பலாமா, பார்த்துச் சொல்லுங்கள்" என்பார்கள். அதில் பெரும்பாலும் மன்னிப்பைப் பற்றிய பொன்மொழிகள் நிறைந்திருக்கும். சொந்த வார்த்தை வராதபோது பழமொழிதான் கைகொடுக்கிறது, அதில் தப்பில்லை. ஆனால் அந்தப் பழமொழி யாரைப் பார்த்து விரல் நீட்டுகிறது என்பதை எழுதியவர் கவனித்திருக்க மாட்டார்.

ஓர் அக்கா வந்திருந்தார். (அடையாளம் தெரியாதபடி சிலவற்றை மாற்றியிருக்கிறேன்.) தம்பியோடு ஒன்பது வருடமாகப் பேச்சு இல்லை. அம்மா படுக்கையில் கிடந்த காலம் முழுக்கப் பார்த்துக்கொண்டவர் இவர். வெளியூரில் இருந்த தம்பி பணம் அனுப்பினார். அம்மா இறந்த அன்று, உறவினர்கள் எல்லோரும் இருக்கும்போது, "பணம் அனுப்பினால் மகன் ஆகிவிட முடியாது" என்று அக்கா சொல்லிவிட்டார். அன்றோடு சரி.

கடிதம் மூன்று பக்கம். "பொறுத்தார் பூமி ஆள்வார் என்பார்கள், நானும் ஒன்பது வருடம் பொறுத்தேன்" என்று ஆரம்பித்தது. பொறுத்தவர் அக்கா என்றால், பொறுக்கும்படி செய்தவர் தம்பி என்றாகிறது. அடுத்தது "குற்றம் பார்க்கின் சுற்றம் இல்லை." நல்ல வரிதான். ஆனால் தப்பு செய்தவர் அதைச் சொன்னால், 'என் குற்றத்தை நீ பெரிதுபடுத்தாதே' என்றுதான் எதிராளி காதில் விழும். மூன்றாவது, "இன்னாசெய் தாரை ஒறுத்தல் அவர்நாண நன்னயஞ் செய்து விடல்." இந்தக் குறளைத்தான் அதிகம் பேர் எடுத்து எழுதுகிறார்கள். இதில் 'இன்னா செய்தவர்' யார், நாண வேண்டியவர் யார் என்று கேட்டேன். அவர் கொஞ்ச நேரம் பேசவில்லை.

நான்காவதாக, அம்மா அடிக்கடி சொன்னது: "விட்டுக் கொடுத்தவர் கெட்டுப் போவதில்லை." இதைப் படிக்கும்போது மட்டும் அவர் குரல் மாறியது. "எப்போதும் என்னிடம்தான் சொல்வாள். மூத்தவள் என்று." அவருடைய கோபத்தின் வேர் அந்த ஒன்பது வருடத்துக்கும் முந்தையது என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது. பழமொழிகளோடு வருகிறவரிடம், எந்த வரியைச் சொல்லும்போது தொண்டை அடைக்கிறது என்று பார்ப்பேன். எழுத வேண்டிய விஷயம் அங்கேதான் இருக்கும்.

மூன்றை அடித்துவிட்டு அந்த ஒன்றை வைத்துக்கொண்டோம். இரண்டு வாரத்தில், நாலைந்து முறை திருத்தி, இப்படி வந்தது:

"தம்பி, அம்மா போன அன்று எல்லார் முன்னாலும், பணம் அனுப்பினால் மகன் ஆகிவிட முடியாது என்று சொன்னேன். அப்படிச் சொன்னது தப்பு. நீ தலையைக் குனிந்துகொண்டு வாசல் பக்கம் போனது இன்றும் கண்ணில் நிற்கிறது. விட்டுக் கொடுத்தவர் கெட்டுப் போவதில்லை என்று அம்மா எப்போதும் என்னிடம்தான் சொல்வாள் என்று சின்ன வயதிலிருந்தே எனக்கொரு மனத்தாங்கல். அதை அன்று உன் மேல் கொட்டிவிட்டேன். நீ பதில் எழுத வேண்டும் என்றில்லை. என் நம்பர் மாறவில்லை. அக்கா."

இதில் 'ஆனால்' என்ற சொல் இல்லை. முதல் திருத்தத்தில் "தப்புதான், ஆனால் நானும் பல ராத்திரி தூங்காமல்..." என்று இருந்தது. அது உண்மைதான், இருந்தாலும் அதைச் சொல்ல வேண்டிய இடம் இதுவல்ல. "உன் மனம் புண்பட்டிருந்தால் மன்னித்துவிடு" என்றும் இருந்தது. புண்பட்டதா என்பதே சந்தேகம் என்கிற மாதிரி ஒலிக்கும் 'இருந்தால்' அது. "மன்னித்துவிடு" என்பதையும் எடுத்தோம், கேட்டுவிட்டால் அவர் மேல் ஒரு கடமை ஏறிவிடும். வீடு, நகை பற்றி ஒரு வார்த்தைகூட வேண்டாம் என்றேன். அது வந்தால் மீதியெல்லாம் பீடிகையாகிவிடும். சொத்து வழக்கு நடந்துகொண்டிருந்தால், எழுதியதை வக்கீலிடம் காட்டாமல் அனுப்பக் கூடாது. அடி உதை, மிரட்டல் காரணமாக விலகியவர்களுக்கு நான் கடிதமே சொல்வதில்லை. அங்கே முதலில் பார்க்க வேண்டியது பாதுகாப்பு.

கடிதம் தபாலில் போகட்டும் என்று நான் சொன்னதற்கும் ஒரு காரணம் உண்டு. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்ததும் இந்தப் பக்கம் காத்திருப்பும் அந்தப் பக்கம் நெருக்கடியும் தொடங்கிவிடும். கடிதம் கிடைத்ததா என்று யாரையும் விட்டு விசாரிக்கவும் கூடாது. அக்காவுக்கு அதுதான் கஷ்டமாக இருந்தது. நடுவில் இரண்டு முறை என்னைக் கூப்பிட்டுப் புலம்பினார்.

ஏழாவது வாரம் தம்பியிடமிருந்து ஒரு மெசேஜ் வந்தது. போனை என் பக்கம் திருப்பிக் காட்டினார்.

"அக்கா, அம்மா என்கிட்டயும் அதையேதான் சொல்லுவா."