'ஏற்றோம்'னு அனுப்பினா என்ன ஆகும்? குட்டி மெசேஜ்ல வினைச்சொல் முடிவு பண்ற வேலை

ஆப், இணையதளம் இதுக்கெல்லாம் போற தமிழ் எஸ்எம்எஸ், நோட்டிஃபிகேஷன் எல்லாத்தையும் அனுப்புறதுக்கு முன்னாடி படிச்சுப் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறதுதான் என் வேலை. இதுல எழுத்துப்பிழையை விட எனக்கு அதிகமா பயம் கொடுக்கிறது வினைச்சொல்லோட வால்தான், ஏன்னா குட்டி மெசேஜ்ல 'நாங்கள்', 'அவர்', 'நேற்று', 'இனிமேல்' எல்லாத்தையும் இடம் போதலைன்னு வெட்டிடுவாங்க, கடைசில யாரு செஞ்சா, எப்ப செஞ்சா, செஞ்சாச்சா இனிமேதானா எல்லாத்தையும் அந்த ஒரு வால் மட்டும் சுமக்கும். அது மாறிப்போச்சுன்னா காப்பாத்த வேற வார்த்தை அங்க இருக்காது.

ஒரு நிறுவனத்தோட மெசேஜ் இப்படி இருந்துச்சு: "நீங்கள் அனுப்பிய ஆவணங்களை ஏற்றினோம். சரிபார்த்த பின் தகவல் அனுப்புவோம்." தப்பே இல்ல, ஆவணங்களை சிஸ்டத்துல ஏத்தியாச்சு, பார்த்துட்டு சொல்றோம், அவ்ளோதான். ஆனா தமிழ் எஸ்எம்எஸ் யூனிகோட்ல போகும், ஒரு மெசேஜுக்கு 70 இடம்தான், அதைத் தாண்டினா 67, 67ஆ உடைஞ்சு ரெண்டு மெசேஜ் கணக்காயிடும். அதுவும் நாம எண்ற மாதிரி எழுத்தை எண்ணாது, 'றி'ன்னா ற தனி, மேல இருக்கிற கொக்கி தனி, 'ம்'னா ம தனி, புள்ளி தனி. அப்படி எண்ணிப் பார்த்தா மேல இருக்கிற மெசேஜ் இடைவெளி, முற்றுப்புள்ளி எல்லாம் சேர்த்து 71. ஒண்ணே ஒண்ணு கூட. உடனே அங்க யாரோ 'ஏற்றினோம்'ல இருந்து 'இன்'ஐ உருவிட்டு 'ஏற்றோம்'னு ஆக்கிட்டாங்க, 9 இடம் 7 ஆச்சு, மெசேஜ் 69ல அடங்கிடுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம்.

ஆனா 'ஏற்றோம்'னா அப்லோட் பண்ணினோம்னு அர்த்தம் இல்ல, ஒத்துக்கிட்டோம், அங்கீகரிச்சோம்னு அர்த்தம். வாங்கினவங்க என்ன நினைப்பாங்க, நம்ம சான்றிதழ் ஓகே ஆயிடுச்சுன்னு நினைச்சு அடுத்த வேலைக்குப் போயிடுவாங்க, நாலு நாள் கழிச்சு 'ஆவணம் தெளிவாக இல்லை'ன்னு இன்னொரு மெசேஜ் வந்தா சண்டைக்கு வருவாங்க, வரணும்தானே. ரெண்டாவது வாக்கியத்துல 'சரிபார்த்த பின்'னு இருக்கேன்னு கேக்கலாம், ஆனா குட்டி மெசேஜை யாரும் ரெண்டாவது வாக்கியம் வரைக்கும் படிக்கிறதில்ல.

இங்க நடந்தது என்னன்னா இது ரெண்டு வேற வேற வினை. ஒண்ணு 'ஏற்று', மேல ஏத்துறது, இது ரொம்ப ஒழுங்கான பிள்ளை: ஏற்றினோம், ஏற்றுவோம், ஏற்றிய ஆவணம். இன்னொண்ணு 'ஏல்', இந்த வேர்ச்சொல்லை இப்ப யாரும் தனியா சொல்றதே இல்ல, அதான் பிரச்சினையே. அதோட இறந்தகாலம் ஏற்றோம், எதிர்காலம் ஏற்போம், பெயரெச்சம் 'ஏற்ற'. ல் போய் ற் ஆகி, 'ஏல்'ங்கிற வேரே மறைஞ்சு, பார்க்கிறதுக்கு 'ஏற்று'வோட பிள்ளை மாதிரியே நிக்குது. பேசும்போது இந்தக் குழப்பம் வராது, பேச்சுல 'ஏத்தினோம்' ஒண்ணு, 'ஏத்துக்கிட்டோம்' ஒண்ணு, ஒத்துக்கிற அர்த்தத்துக்கு பேச்சு எப்பவும் ஒரு 'கொள்'ளை ஒட்ட வச்சுக்கும். அதனால எழுத்துலயும் அங்கீகாரம்னா நான் 'ஏற்றுக்கொண்டோம்'னுதான் போடச் சொல்வேன், 15 இடம் பிடிக்கும், பரவால்ல. அந்த மெசேஜுக்கு நான் சொன்ன தீர்வு இன்னும் சுலபம், ஏற்றினோம்ல கை வைக்காதீங்க, கடைசில 'அனுப்புவோம்'க்கு பதிலா 'தருவோம்'னு போடுங்க, 11க்கு 7, மொத்தம் 67. முடிஞ்சது.

சரி, இந்த மாதிரி வேர் மறைஞ்சு போற வினைகளை எப்படிக் கையாள்றது. பள்ளிக்கூடத்துல இடைநிலைன்னு படிச்சிருப்போம், இறந்தகாலத்துக்கு த், ட், ற், இன், எதிர்காலத்துக்கு ப், வ்னு நன்னூல் சொல்லும். எந்த வினைக்கு எது வரும்கிறதுதான் நமக்கு வேணும். நான் வேர்ச்சொல்லையே பார்க்க மாட்டேன், 'அதை ___ வேண்டும்'னு ஒரு இடத்துல வச்சு சொல்லிப் பார்ப்பேன். படிக்க வேண்டும், எடுக்க வேண்டும், ஏற்க வேண்டும், கேட்க வேண்டும்னு ஒரு மெய்யெழுத்து மேல ஏறி உக்காந்த 'க' வந்தா எதிர்காலத்துல ப் வரும்: படிப்போம், எடுப்போம், ஏற்போம், கேட்போம். அந்த மாதிரி க வரலைன்னா வ்: செய்ய, செய்வோம், வர, வருவோம், தர, தருவோம், சொல்ல, சொல்வோம், விட, விடுவோம். 'போக', 'ஆக'ல க இருக்கேன்னா, அது உயிருக்கு அப்புறம் ஒத்தையா வர்ற க, அதனால போவோம், ஆவோம். வாங்கு, நீக்கு மாதிரி வினையிலயே கடைசில 'கு' இருந்தா, வாங்க, நீக்கன்னு வர்ற க அந்த 'கு'வோடதுதான், அது கணக்குல சேராது, வாங்குவோம், நீக்குவோம். இதுக்கு அடங்காத ஒரு சின்னக் கூட்டம் இருக்கு, ண், ன்ல முடியறது: காண, உண்ண, தின்ன, என்ன. இதுங்களுக்கு க வராது, ஆனா ப் வரும், காண்போம், உண்போம், தின்போம், என்போம். இதைத் தனியா மனசுல வச்சுக்கிட்டா எதிர்காலம் கிட்டத்தட்ட கைக்குள்ள வந்துடும்.

இறந்தகாலம் அவ்ளோ சாது இல்ல. ஆனாலும் அதே சோதனை பாதி தூரம் கூட வரும். டு, றுல முடியற வினைகளை எடுத்துக்கோங்க, விடு, எடு ரெண்டும் பார்க்க ஒரே அச்சு, ஆனா விட வேண்டும், எடுக்க வேண்டும். க வராத குட்டி வினைன்னா டு, று இரட்டிக்கும்: விட்டோம், இட்டோம், பெற்றோம், நட்டோம். க வந்தா த்த்: எடுத்தோம், கொடுத்தோம், மறுத்தோம். 'படு'ன்னு ஒரே எழுத்துல ரெண்டு வினை இருக்கு, அது கூட இதுல பிரிஞ்சிடும், அடி பட - பட்டது, கட்டில்ல படுக்க - படுத்தார். (நீளமா இருக்கிற கூறு, மாறு எல்லாம் கூறினோம், மாறினோம்னு 'இன்' பக்கம் போயிடும். போடு மட்டும் போட்டோம்னு அடம் பிடிக்கும்.)

ட்க, ற்கல முடியறதுக்கு ட்ட், ற்ற்: கேட்க - கேட்டோம், மீட்க - மீட்டோம், விற்க - விற்றோம், கற்க - கற்றோம், ஏற்க - ஏற்றோம். இதுல நிற்க மட்டும் நின்றோம். அப்புறம் வந்தோம், தந்தோம், சொன்னோம், சென்றோம், கொண்டோம், கண்டோம், போனோம், இதையெல்லாம் விதி போட்டுப் பிடிக்கிறதை விட அப்படியே எழுதி வச்சுக்கிறது நல்லது. எதிர்காலத்தைப் பார்த்து இறந்தகாலத்தை ஊகிக்கவும் முடியாது, சொல்வோம் செல்வோம் ரெண்டும் ஒரே மாதிரி, சொன்னோம் சென்றோம் வேற வேற.

இதைத் தெரியாமதான் சாஃப்ட்வேர்ல வேர்ச்சொல் ஒரு பெட்டி, வால் ஒரு பெட்டின்னு வச்சு ஒட்டுற டெம்ப்ளேட் பண்றாங்க. படி, அளி, சேர் மூணையும் வச்சு டெஸ்ட் பண்ணினா த்தார், ப்பார் அழகா ஒட்டும், படித்தார், அளிப்பார், சேர்த்தார்னு வரும், எல்லாம் பாஸ். அடுத்து யாராவது 'வா'வை உள்ள போட்டா 'வாத்தார்'னு வந்து நிக்கும். அது சிரிச்சுட்டுப் போற தப்பு, எவனும் நம்ப மாட்டான், உடனே கண்டுபிடிச்சிடலாம். 'சேர்'தான் ஆபத்து. பணம் கணக்குல தானா வந்து சேர்ந்தா சேர்ந்தது, சேரும். நாம கொண்டு போய் சேர்த்தா சேர்த்தோம், சேர்ப்போம். 'உங்கள் கணக்கில் பணம் சேர்த்தது'ன்னு வந்தா எழுத்துப்பிழை காட்டுற கருவி கூட ஒண்ணும் சொல்லாது, ஏன்னா சேர்த்தது ஒரு சரியான சொல்தான், இந்த இடத்துக்குத்தான் தப்பு.

இதுக்கெல்லாம் பயந்து நிறைய பேர் எல்லாத்தையும் செயப்பாட்டுல போட்டுடறாங்க, ஏற்கப்பட்டது, விற்கப்படும், அனுப்பப்பட்டது. ஒரு விதத்துல கெட்டிக்காரத்தனம்தான், முன்னாடி வர்ற வினை 'ஏற்க', 'விற்க'ன்னு அப்படியே நிக்கும், காலத்தை 'படு' மட்டும் காட்டும், பட்டது, படும், ரெண்டே ரெண்டு வால். ஆனா இங்கயும் ஏற்றப்பட்டது அப்லோட், ஏற்கப்பட்டது அங்கீகாரம், க ஒண்ணுதான் வித்தியாசம், அதைக் கண்ணு விட்டுடும். அப்புறம் வா, போ, முடி மாதிரி தன்னால நடக்கிற வினைக்கெல்லாம் செயப்பாட்டே கிடையாது, 'உங்கள் கோரிக்கை எங்களுக்கு வரப்பட்டது'ன்னு நிஜமாவே ஒரு டெம்ப்ளேட்ல பார்த்திருக்கேன். வந்தது. அவ்ளோதான் அது.

கடைசியா அஃறிணை எதிர்காலம். பணம், ஆவணம், கோரிக்கைன்னு மெசேஜ்ல பாதி எழுவாய் அஃறிணைதான், அங்க ப், வ் எதுவும் தெரியாது, வெறும் 'உம்': வரும், ஆகும், கிடைக்கும். இதுல ஒரு வசதி, ஒருமை பன்மை பார்க்க வேண்டாம், ஆவணம் வரும், ஆவணங்கள் வரும். அதையே இறந்தகாலமா மாத்தும்போது வந்தது, வந்தனன்னு பிரிக்கணும், காலத்தை மட்டும் மாத்திட்டு இதை மறந்துடுவாங்க, 'ஆவணங்கள் வந்தது'ன்னு போயிடும். 'முடியும்'ல இன்னொரு வில்லங்கம். 'பராமரிப்புப் பணி நாளை முடியும்'னா நாளைக்கு முடிஞ்சிடுமா, நாளைக்குச் செய்ய முடியுமா? வாக்கியம் நீளமா இருந்தா புரிஞ்சிடும், நாலு சொல்லுல புரியாது. நான் அங்க 'நிறைவடையும்'னு மாத்திடுவேன், இல்லன்னா 'முடிந்துவிடும்'.

இப்ப எனக்கு வேலை வந்தா முதல்ல மெசேஜைப் படிக்கிறதில்ல, அதுல இருக்கிற வினைகளை மட்டும் உருவி ஒரு ஷீட்ல நாலு கட்டமா போட்டுக்குவேன்: 'செய்ய' வடிவம், இறந்தகாலம், எதிர்காலம், அஃறிணை எதிர்காலம். ஏற்க, ஏற்றோம், ஏற்போம், ஏற்கும். அதுக்குக் கீழயே ஏற்ற, ஏற்றினோம், ஏற்றுவோம், ஏற்றும். ரெண்டு வரிசையும் பக்கத்துல பக்கத்துல இருக்கிற மாதிரி. டெவலப்பர் வேர்ச்சொல்லும் வாலும் கேட்டா கொடுக்கிறதில்ல, முழுச் சொல்லா இந்த ஷீட்டைத்தான் கொடுக்கிறேன், 70 இடத்துல அடங்கலைன்னா வினையைத் தவிர வேற எதை வேணா வெட்டிக்கலாம்னு மேல ஒரு குறிப்போட. எண்ணிக்கையைக் குறைக்க 'நீங்கள் அனுப்பிய'வைத் தூக்கினா மட்டும் 17 இடம் மிச்சமாகுது.