புரோஷரை அடியோடு மாற்றிவிட்டு, கூடவே என்ன எழுதி அனுப்புவது?

“பிழை திருத்தத்தானே கொடுத்தேன்? நான் எழுதியது ஒன்றுமே இல்லையே!”

எடிட்டிங் வேலைக்கு வந்த புதிதில் ஒரு வாடிக்கையாளர் போனில் இப்படிக் கேட்டார். நான் செய்திருந்த திருத்தங்களில் தவறில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். ஆனால் அவற்றோடு நான் அனுப்பியது ஒரே ஒரு வரி: “சில திருத்தங்கள் செய்துள்ளேன், பார்க்கவும்.” அவர் ஃபைலைத் திறந்திருக்கிறார், பக்கம் முழுக்கச் சிவப்புக் கோடு. காரணம் எங்கேயும் இல்லை. கடைசியில் பழைய வரைவே அச்சுக்குப் போனது.

அதற்குப் பிறகு, பெரிய மாற்றம் செய்த எந்த வேலையையும் விளக்கக் குறிப்பு இல்லாமல் நான் அனுப்புவதில்லை. அந்தக் குறிப்பை எப்படி எழுதுகிறேன் என்பதை ஒரு வேலையை வைத்தே சொல்கிறேன்.

செவித்திறன் பரிசோதனை மையம் நடத்தும் ஒருவர் தன் புரோஷருக்கான வரைவைக் கொடுத்தார். ஏறக்குறைய 1,300 சொற்கள். அச்சாகப்போவதோ ஏ4 தாளை மூன்றாக மடிக்கும் புரோஷர். அதில் ஆறு பேனல்கள் இருக்கும். முகப்பு ஒன்று, முகவரி ஒன்று போக, எழுத்துக்கு மிஞ்சுவது நான்கு. ஒவ்வொரு பேனலும் சுமார் 10 செ.மீ. அகலம். ஓரம் விட்டால் 11 பாயின்ட் எழுத்தில் ஒரு வரிக்கு நான்கைந்து தமிழ்ச் சொற்கள்தான் நிற்கும். தலைப்பு, படம் எல்லாம் போனால் பேனலுக்கு 90 சொல். ஆக மொத்தம் 360. முதியவர்களும் படிக்கப்போகும் தாள் என்பதால் எழுத்தைச் சிறிதாக்கவும் வழியில்லை.

இடப் பிரச்சினை போக, வரைவு நிறுவனரின் வாழ்த்துரையோடு தொடங்கியது. மையத்துக்கு வர வேண்டியவர் யார் என்பது மூன்றாம் பக்கத்தில்தான் வந்தது. ஒரு இடத்தில் ‘இலவசப் பரிசோதனை’, இன்னொரு இடத்தில் ‘முதல் பரிசோதனைக்குக் கட்டணம் உண்டு’. நடுவில் ஒரு வரி: ‘எங்கள் செவித்துணைக் கருவியால் காது கேளாமை முழுமையாகக் குணமாகும்.’

இது பிழைதிருத்தத்தில் சரியாகிற விஷயமில்லை. அதனால் முதலில் போன் செய்து, மாற்றி எழுத அனுமதி கேட்டேன். “செய்து காட்டுங்கள், பார்க்கலாம்” என்றார். வேலை முடிந்து அனுப்பியபோது கூடவே எழுதிய குறிப்பு இது:

> வணக்கம் மேடம்,
>
> நீங்கள் முதலில் கேட்டது பிழைதிருத்தம். போனில் பேசியபடி, இதில் அதைவிட அதிகம் மாற்றியிருக்கிறேன். மையத்தின் சேவைகள், நீங்கள் தந்த தொழில்நுட்ப விவரங்கள், உங்கள் மரியாதையான நடை மூன்றையும் அப்படியே வைத்திருக்கிறேன்.
>
> இந்தப் புரோஷரைக் கையில் எடுப்பவர் பெரும்பாலும் அப்பாவுக்கோ அம்மாவுக்கோ காது மந்தமாகிவிட்டதோ என்ற கவலையில் இருப்பவர் என்று நீங்கள் சொன்னீர்கள். அவரை மனதில் வைத்துத்தான் முக்கியமாக மூன்று மாற்றங்கள் செய்தேன்.
>
> ஒன்று, தொடக்கம். ‘டிவி சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போகிறாரா?’ என்று அவர் வீட்டில் பார்ப்பதிலிருந்து தொடங்குகிறது. இது உங்கள் வரைவின் மூன்றாம் பக்கத்தில் இருந்த வரிதான். இரண்டு, நீளம். நான்கு பேனல்களில் 360 சொற்கள்தான் படிக்கும்படி நிற்கும். நீக்கிய பகுதிகள் தனி ஃபைலில் பத்திரமாக இருக்கின்றன, இணையதளத்துக்குப் பயன்படும். மூன்று, ‘முழுமையாகக் குணமாகும்’ என்ற வரியை எடுத்துவிட்டேன். கருவி ஒலியைப் பெருக்கித் தெளிவாக்கும், உள்காதில் சேதமான செல்களைத் திரும்ப வளர்க்காது. இது நீங்கள் அறிந்ததுதான். குணமாகும் என்று நம்பி வருபவர் ஏமாந்து போவார். ‘பேச்சைப் புரிந்துகொள்வதை எளிதாக்கும்’ என்று மாற்றியிருக்கிறேன். இதை மட்டும் பழையபடி மாற்ற வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன்.
>
> உங்கள் பதில் தேவைப்படுபவை இரண்டு: முதல் பரிசோதனை இலவசமா, கட்டணமா? அனுபவம் 15 ஆண்டா, 20 ஆண்டா? (வரைவில் இரண்டும் இருக்கிறது.)
>
> முதலில் சுத்தப் பிரதியைப் படியுங்கள், பிறகு மாற்றங்கள் குறித்த பிரதியைப் பாருங்கள். எழுத்துப்பிழை மட்டும் திருத்திய உங்கள் பழைய வரைவும் இணைப்பில் இருக்கிறது. வியாழக்கிழமைக்குள் பதில் கிடைத்தால் லேஅவுட் தொடங்கலாம்.

குறிப்பில் ‘நீங்கள் நீளமாக எழுதிவிட்டீர்கள்’ என்று எங்கேயும் வராது. மாற்றத்துக்கான காரணம் படிப்பவரிடமோ தாளிலோ இருக்க வேண்டும். வரைவு எழுதியவரின் குறையாக அதை எழுதினால் அவர் பதில் சொல்லத்தான் பார்ப்பார். அதற்காகக் காரணத்தைப் பூசி மெழுகவும் கூடாது. ‘குணமாகும்’ என்ற வரியை ‘நடைக்காக மாற்றினேன்’ என்று எழுதியிருந்தால், நடை பிடிக்கவில்லை என்று அவர் திரும்பப் போட்டிருப்பார், நானும் ஒன்றும் சொல்லியிருக்க முடியாது. ரசனை சார்ந்த மாற்றம் எது, உண்மை சார்ந்த மாற்றம் எது என்பது குறிப்பிலேயே பிரிந்து தெரிய வேண்டும். முதல் வகையில் முடிவு வாடிக்கையாளருடையது. இரண்டாவதில் நான் அழுத்திச் சொல்வேன்.

ஒவ்வொரு திருத்தத்துக்கும் விளக்கம் எழுதவும் வேண்டாம். ஒரு முறை 40 திருத்தங்களுக்கு 40 காரணம் எழுதி அனுப்பினேன், யாரும் படிக்கவில்லை. காற்புள்ளி, சந்தி எல்லாம் குறித்த பிரதியிலேயே தெரியும். குறிப்பு ஒரு பக்கத்தைத் தாண்டினால் வாடிக்கையாளர் பதில் சொல்ல வேண்டிய கேள்விகள் அதற்குள் புதைந்துவிடும்.

ஃபைல்களின் வரிசையும் முக்கியம். சிவப்புக் கோடு நிறைந்த பிரதியை முதலில் திறப்பவர் தான் இழந்ததைத்தான் பார்ப்பார். சுத்தப் பிரதியை முதலில் படித்தால் புரோஷரைப் பார்ப்பார். ஃபைல் பெயரிலேயே 1, 2, 3 என்று எண் போட்டுவிடுகிறேன். பழைய வரைவைத் திருத்தி உடன் வைப்பது வீண் வேலையாகத் தோன்றலாம். ஆனால் கேட்ட வேலை கையில் வந்துவிட்டது என்று தெரிந்தால்தான் கேட்காத வேலையை அவர் நிதானமாகப் பார்ப்பார்.

பதில் எப்படி வருகிறது என்பதிலும் கவனம் வேண்டும். ‘சூப்பர், அப்படியே அச்சுக்குக் கொடுங்கள்’ என்று மட்டும் வந்து, கேள்விகளுக்குப் பதில் இல்லையென்றால் அவர் குறிப்பைப் படிக்கவில்லை என்று அர்த்தம். அப்போது போன் செய்து இரண்டு கேள்விகளையும் வாயாலேயே கேட்டுவிடுவேன். இலவசமா கட்டணமா என்று தெரியாமல் அச்சடித்தால், வரவேற்பறையில் அந்தத் தாளை நீட்டி ஒருவர் சண்டை போடுவார்.

இந்த மேடம் மறுநாளே பதில் எழுதினார். முதல் பரிசோதனைக்குக் கட்டணம் உண்டு, அனுபவம் 15 ஆண்டு. ‘குணமாகும்’ வரி போனதில் அவருக்கு வருத்தமில்லை. முன்பு யாரோ எழுதிக் கொடுத்ததாம் அது. வாழ்த்துரையில் ஒரே ஒரு வரி மட்டும் திரும்ப வேண்டும் என்றார்: ‘என் அம்மா பேச்சைக் குறைத்துக்கொண்டபோதுதான், அவருக்குக் காது கேட்கவில்லை என்று எனக்குப் புரிந்தது.’

நீக்கிய பகுதிகள் இருந்த ஃபைலைத் திறந்து பார்த்தேன். 200 சொல் வாழ்த்துரையின் நடுவில் இருந்தது அந்த வரி. மொத்தமாக வெட்டும்போது நான் கவனிக்காமல் விட்டது. முகவரிப் பேனலில் சில வரிகளுக்கு இடமிருந்தது. தொலைபேசி எண்ணுக்கு மேலே, அவர் பெயரோடு அதைப் போட்டோம்.